மஞ்சளா, பச்சைப்பயறா, ஊசலா? வீட்டுப் பரிசோதனைத் தாளுக்கு எதை எடுப்பது

சனிக்கிழமை மாலையில் எங்கள் மொட்டைமாடியில் ஆறேழு பிள்ளைகள் கூடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள். ஒரு மணி நேரம் ஏதாவது செய்து பார்ப்போம், அவ்வளவுதான். போன மாதம் ஒரு பிள்ளையின் அம்மா, "வீட்டிலேயே செய்கிற மாதிரி ஒரு தாள் எழுதிக் கொடுங்களேன், நீங்கள் ஊருக்குப் போகிற வாரம் அதை வைத்துச் செய்துகொள்வார்கள்" என்றார். கருதுகோள், செய்முறை, கடைசியில் நாலைந்து கேள்வி. ஒரே தாள், இரண்டு பக்கம். சுலபமாகத் தெரிந்தது. எந்தப் பரிசோதனையை எடுப்பது என்று முடிவெடுக்கவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எடுத்துப் பார்த்ததையும் தள்ளி வைத்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டு. பெரியவர்கள் பக்கத்து அறையில் இருந்தாலும் விபரீதம் நடக்கக் கூடாது என்பது முதலாவது. தீ, கொதிநீர், கழிப்பறை சுத்தம் செய்யும் திரவங்கள், இறுக மூடிய புட்டி எல்லாம் இதிலேயே விழுந்துவிடும். இரண்டாவது கொஞ்சம் வேறு மாதிரி. பிள்ளை எழுதும் கருதுகோள் தவறாகப் போக வாய்ப்பிருக்க வேண்டும், தவறாகப் போனது பிள்ளைக்கே தெரியவும் வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்த பரிசோதனையில் கருதுகோள் என்ற கட்டம் வெறும் அலங்காரம். பிள்ளைகள் அதைக் கடைசியில் நிரப்புவார்கள், முடிவைப் பார்த்துவிட்டு.

சமையல் சோடாவில் வினிகர் ஊற்றும் "எரிமலை" இந்த இரண்டாவது அளவுகோலில் உடனே விழுந்தது. பொங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்க நன்றாக இருக்கிறது, சரி, ஆனால் தாள் எழுத அதில் ஒன்றும் இல்லை.

தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி டம்ளரைக் கவிழ்க்கும் பரிசோதனை இரண்டு அளவுகோலிலும் விழுந்தது. தீ இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதோடு வழிவழியாக வரும் விளக்கமே தவறு என்பது. ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சாட்சி என்று சொல்வார்கள். உண்மையில் ஆக்சிஜன் முழுக்கத் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் உள்ளே சூடாகி விரிந்திருந்த காற்று ஆறிச் சுருங்குவதால்தான். சுடர் எரியும்போது டம்ளரின் விளிம்பில் குமிழ் வெளியேறுவதையும், அணைந்த பிறகு தண்ணீர் சட்டென்று ஏறுவதையும் உற்றுப் பார்த்தாலே இது புரியும். தவறான விடையை அச்சடித்த ஒரு தாளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

மிச்சம் மூன்று. மஞ்சள், பச்சைப்பயறு, ஊசல்.

மஞ்சள்: அழகு, ஆனால் அடம்

முதலில் இதைத்தான் எழுதினேன். வடிகட்டும் தாளில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவைத்து, அதன் மேல் எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர், சோப்புத் தண்ணீர் என்று ஒவ்வொரு சொட்டு. சோப்பு பட்ட இடம் சிவக்கும். குழம்புக் கறை பட்ட சட்டையை சோப்புப் போட்டுத் துவைக்கும்போது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

எழுதியபின் சமையலறையில் நானே செய்து பார்த்தபோது மூன்று தொல்லைகள் தெரிந்தன. பிள்ளைகள் இதைப் பாடத்தில் படித்துவிடுகிறார்கள், அதனால் கருதுகோள் என்று எழுதுவது மனப்பாடம். இரண்டாவது, மஞ்சள் ஒரு பக்கம் மட்டுமே பேசும். எலுமிச்சைச் சாற்றிலும் மஞ்சளாகவே இருக்கும், வெறும் தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். "எலுமிச்சையும் தண்ணீரும் ஒரே வகை" என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்தத் தாளில் உள்ள சான்றுப்படி அது சரியான முடிவு. இதைச் சரிசெய்யச் செம்பருத்திப் பூவின் சாற்றையும் சேர்க்க வேண்டும். அமிலத்தில் அது சிவந்து, காரத்தில் பச்சையாகத் திரும்பும்.

மூன்றாவது தொல்லைதான் என்னை ஓய வைத்தது. சமையல் சோடாவை நீரில் கரைத்துச் சொட்டு விட்டால் "சிவப்பாக மாறும்" என்று பல தாள்களில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் வந்தது மங்கலான ஆரஞ்சு. சமையல் சோடா மிக மென்மையான காரம், மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் எல்லையிலேயே அது நின்றுவிடுகிறது. பாதி மாறி, பாதி மாறாமல் இருக்கும். சோப்பிலும் அப்படித்தான்: பழைய மாதிரி குளியல் சோப்புக் கட்டியைக் கரைத்தால் நன்றாகச் சிவக்கிறது, ஆனால் உடம்புக்கு ஊற்றும் திரவ சோப்புகள் பல காரமே இல்லாதவை, ஒன்றும் ஆகாது. செய்முறையில் "சோப்புத் தண்ணீர்" என்று மட்டும் போட்டால் ஒரு வீட்டில் சிவக்கும், அடுத்த வீட்டில் சிவக்காது. தவறு பிள்ளையுடையது என்றே பிள்ளை நினைக்கும்.

சிவப்பு நன்றாக வரவில்லை என்றதும் வீட்டில் என்ன செய்வார்கள்? இதைவிட பலமானதைத் தேடுவார்கள். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு இருக்கிறது, குளியலறையில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்த கழிப்பறை திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைக்கும். தாளில் "செய்யாதே" என்று எழுதலாம். ஆனால் பரிசோதனையின் ஆர்வமே பிள்ளையை அந்தத் திசையில் தள்ளுகிறது என்றால், எச்சரிக்கை வரி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மஞ்சளை முழுக்கத் தள்ளவும் மனமில்லை. என்னோடு உட்கார்ந்து செய்யும்போது கேள்வியை மாற்றிக் கேட்பேன்: சோப்பால் சிவந்த பத்து மில்லி மஞ்சள் நீரைத் திரும்ப மஞ்சளாக்க எத்தனை சொட்டு எலுமிச்சை வேண்டும்? சோப்பை இரு மடங்கு போட்டால் சொட்டும் இரு மடங்காகுமா? இதில் எண் வருகிறது, ஊகிக்க இடமும் வருகிறது. ஆனால் அது மொட்டைமாடிக்கு, வீட்டுக்கு அனுப்பும் தாளுக்கு அல்ல.

பச்சைப்பயறு: நல்லது, ஆனால் ஐந்து நாள்

இரண்டு டப்பா, ஒவ்வொன்றிலும் ஈரத்துணி மேல் இருபது பயறு. எட்டு மணி நேரம் ஊறவைத்தவை. ஒன்று ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாமல். இன்னொன்று அலமாரிக்குள். கேள்வி: முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் முளைகட்டிய பயறு சாப்பிட்டவர்கள். துணியில் மூட்டை கட்டி, பாத்திரத்தில் போட்டு மூடி, இருட்டில்தான் அது முளைக்கிறது. ஆனாலும் கருதுகோள் எழுதச் சொன்னால் ஆறு பேரில் நாலு பேர் "வெளிச்சம் இல்லாவிட்டால் முளைக்காது, ஏனென்றால் செடிக்குச் சூரிய ஒளி வேண்டும்" என்று எழுதினார்கள். பாடத்தில் படித்தது அடுப்படியில் பார்த்ததை மறைத்துவிடுகிறது. இரண்டாம் நாள் காலையில் அலமாரியைத் திறந்து பார்த்து, "முளைச்சிருக்கு!" என்று அவர்களே கத்துவதுதான் இந்தப் பரிசோதனையின் பலம்.

நாலைந்து நாள் விட்டுவைத்தால் இன்னொரு வேடிக்கை: இருட்டில் வளர்ந்தவை வெளிச்சத்தில் வளர்ந்ததைவிட நீளம். வெளிறி, மஞ்சள் பூத்து, கழுத்து மெலிந்து நிற்கும். வெளிச்சத்தைத் தேடி, விதைக்குள் இருக்கும் சேமிப்பையெல்லாம் நீளத்தில் செலவழிக்கிறது. "எது நன்றாக வளர்ந்திருக்கிறது, எப்படிச் சொல்கிறாய்?" என்று தாளில் ஒரு கேள்வி போட்டால் போதும், வீட்டில் வாக்குவாதமே நடக்கும்.

ஆபத்து என்று பார்த்தால் ஏறக்குறைய எதுவும் இல்லை. பூஞ்சை பிடித்து வாடை வந்தால் குப்பையில் போட வேண்டும், பரிசோதனைக்கு வைத்த பயறைச் சாப்பிடக் கூடாது, கையைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் இதையே எடுக்கவில்லை? ஜன்னல் ஓர டப்பா சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. காய்ந்தால் முளைப்பது குறையும். உடனே பிள்ளை "வெளிச்சம் முளைப்பதைத் தடுக்கிறது" என்று எழுதும். மாறியது வெளிச்சம் மட்டுமல்ல, ஈரமும்தான் என்பதை அது கவனிக்க வேண்டும் என்றால் காலையும் மாலையும் இரு துணியையும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் ஒரே அளவாக ஈரம் இருக்கும்படி தண்ணீர் விட வேண்டும். ஐந்து நாள் இதைச் செய்யும் பொறுமை எட்டாம் வகுப்புக்கு இருக்கலாம், ஆறாம் வகுப்புக்கு மூன்றாம் நாளே மறந்துபோகிறது. இன்னொன்று: ஒன்றில் 18 முளைத்து இன்னொன்றில் 17 முளைத்தால் அது வித்தியாசமா? இல்லை. ஆனால் பயறைத் திரும்பச் செய்து காட்ட இன்னும் ஒரு வாரம் வேண்டும். ஒரே மாலையில் மூன்று முறை திரும்பச் செய்து பார்க்க முடிகிற ஒன்று முதல் தாளுக்கு வேண்டும் என்று அப்போதுதான் தெளிவானது.

ஊசல்: ஏன் இதுவே

ஒரு நூல், மூன்று இரும்பு நட்டு, அளவுகோல் நாடா, கைப்பேசியில் இருக்கும் நிறுத்து கடிகாரம். நட்டு சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும், மூன்றும் ஒரே அளவாகப் பார்த்து வாங்க வேண்டும். எதையும் சூடாக்க வேண்டாம், கலக்க வேண்டாம், குடிக்க எதுவும் இல்லை.

எடையைக் கூட்டினால் ஊசல் வேகமாக ஆடுமா என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் ஆமாம் என்பார்கள். சிலர் மெதுவாகும் என்பார்கள். "மாறாது" என்று எழுதுபவர் அபூர்வம். நேரம் ஏறக்குறைய நூலின் நீளத்தை மட்டுமே பொறுத்தது என்பது உடம்புக்குப் பழக்கமான உணர்வுக்கு எதிராக இருக்கிறது. இங்கே கருதுகோள் தோற்கும், அதுவும் அன்று மாலையே, பிள்ளையின் கையாலேயே.

ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று விஷயம் தாளின் மேல் பகுதியிலேயே எழுதினேன். ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறிக் கொக்கியிலோ கதவு நிலையிலோ நூலைக் கட்ட வேண்டாம். இரண்டு நாற்காலிகளின் முதுகு மேல் ஒரு துடைப்பக் கட்டையைப் படுக்க வைத்து, அது உருளாமல் துணியால் கட்டி, அதில் நூலைக் கட்டினால் போதும். ஊசலை விடும்போது முகத்தை அதன் பாதைக்குக் கொண்டு போகக் கூடாது. முடிந்ததும் நூலையும் நட்டையும் எடுத்து உயரத்தில் வைக்க வேண்டும், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் நட்டு தொண்டைக்குப் போகும், தொங்கும் நூல் கழுத்தில் சுற்றும்.

தாளில் என்ன எழுதினேன்

மேலே கேள்வி: "ஊசல் பத்து முறை ஆட ஆகும் நேரத்தை எது மாற்றும்? எடையா, நூலின் நீளமா?" அதன் கீழே கருதுகோளுக்கு இரண்டு வரி. வெறும் கோடு போட்டால் "எடை" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் பாதி வாக்கியத்தை நானே கொடுத்தேன்: "ஒரு நட்டுக்குப் பதில் மூன்று நட்டு தொங்கவிட்டால், பத்து அலைவுக்கு ஆகும் நேரம் ________, ஏனென்றால் ________." நீளத்துக்கும் இதே மாதிரி ஒன்று. அந்த "ஏனென்றால்" முக்கியம், பின்னால் கேள்வி கேட்க அதுதான் பிடி.

இன்னொரு வரியையும் சேர்த்தேன்: "பேனாவால் எழுதவும். அடிக்கக் கூடாது." முதல் முறை பென்சிலில் எழுதச் சொன்னேன். முடிவு வந்ததும் ஆறு பேரும் அழிப்பானைத் தேடினார்கள். எல்லோருடைய கருதுகோளும் சரியாக இருந்தது, அதிசயம்!

அப்புறம் செய்முறை. இது நாலு முறை திருத்தி எழுதியது.

1. நூலின் ஒரு முனையில் ஒரு நட்டைக் கட்டு. மறுமுனையைக் கட்டையில் கட்டு. கட்டையின் அடிப்பக்கத்திலிருந்து நட்டின் நடு வரை 50 செ.மீ. இருக்கும்படி சரிசெய். முடிச்சு வரை அளக்காதே.
2. நட்டைப் பக்கவாட்டில் 10 செ.மீ. மட்டும் இழு. நூல் விறைப்பாக இருக்கட்டும். தள்ளாமல் விடு.
3. விடும்போதே கடிகாரத்தை அழுத்தி "பூஜ்யம்" என்று சொல். நட்டு போய், விட்ட இடத்துக்குத் திரும்பி வந்ததும் "ஒன்று".
4. "பத்து" என்றதும் நிறுத்து. நேரத்தை எழுது. இதையே மூன்று முறை செய்.
5. மூன்று நட்டின் ஓட்டையிலும் ஒரே நூலைக் கோத்து, ஒரே கொத்தாகக் கட்டு. நீளம் மறுபடி 50 செ.மீ. இருக்கிறதா என்று அளந்து பார். மூன்று முறை நேரம் எடு.
6. ஒரு நட்டு, 25 செ.மீ. நூல். இப்போது 5 செ.மீ. மட்டும் இழு. மூன்று முறை நேரம் எடு.

இழுக்கும் தூரம் நூலின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். ரொம்ப அகலமாக இழுத்தால் நேரம் கூடத்தான் செய்யும். 50 செ.மீ. ஊசலை அறுபது பாகை அளவுக்கு இழுத்து விட்டால் பத்து அலைவுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி வரை கூடலாம். கலிலியோ ஆட்டத்தின் அகலம் நேரத்தை மாற்றாது என்றே நம்பினார். 1656இல் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்த ஹைகன்ஸ்தான் பின்னால் அகலமும் மாற்றும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கருதுகோள் தோற்றுப்போய் முகம் சுண்டிய ஒரு பையனிடம் இதைச் சொன்னேன், கொஞ்சம் தேறினான்.

சரியாகச் செய்தால் 50 செ.மீ.க்குப் பத்து அலைவு 14.2 வினாடியை ஒட்டி வரும், 25 செ.மீ.க்கு 10 வினாடியை ஒட்டி. இந்த எண்களைத் தாளில் போடவில்லை. பெற்றோருக்குத் தனிச் சீட்டில் கொடுத்தேன். பிள்ளைக்குத் தெரிந்தால் கடிகாரம் அந்த எண்ணில்தான் நிற்கும்.

எங்கே தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

பெற்றோர் சீட்டில் மூன்று தவறுகளை எழுதினேன், மூன்றும் மொட்டைமாடியில் நடந்தவை.

நேரம் 7 வினாடியை ஒட்டி வந்தால், பிள்ளை போவதை ஒன்று, வருவதை இரண்டு என்று எண்ணுகிறது. போய் வருவதுதான் ஓர் அலைவு.

நேரம் 12.8 அளவில் வந்தால், விடும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்திருக்கிறது. பத்து என்று சொல்லும்போது ஒன்பதுதான் முடிந்திருக்கும். மூன்று அளவில் ஒன்று மட்டும் மற்றதைவிட ஒன்றரை வினாடி தள்ளி நின்றால் அநேகமாக எண்ணிக்கையில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். ஓர் அலைவின் நேரம் 1.4 வினாடி என்பதால்தான் அந்த இடைவெளி.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்தாவது படியை முதலில் நான் "மூன்று நட்டைத் தொங்கவிடு" என்று மட்டும் எழுதியிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் நட்டின் கீழே இரண்டாவது, அதன் கீழே மூன்றாவது என்று ஐந்து செ.மீ. இடைவெளியில் சரமாகக் கட்டினான். நேரம் 14.9, 14.8, 15.0 என்று வந்தது. ஒரு நட்டுக்கு 14.2, 14.1, 14.4. மூன்று அளவும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகின்றன, இரண்டு தொகுதிக்கும் இடையில் தெளிவான இடைவெளி. "எடை கூடினால் மெதுவாகும்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

அவன் அளந்ததில் எந்தப் பிழையும் இல்லை. சரமாகக் கட்டியதில் எடையின் நடுப்புள்ளி கீழே இறங்கிவிட்டது, ஊசல் 55 செ.மீ. ஊசல் போல ஆடியது. அவன் மாற்றியது எடையை என்று நினைத்தான், கூடவே நீளமும் மாறியது. நான் விடையைச் சொல்லவில்லை. "முதலில் 50 எதிலிருந்து எது வரை அளந்தாய்? இப்போது அளந்து காட்டு" என்றேன். நாடாவைப் பிடித்தபடி முதல் நட்டா, கடைசி நட்டா என்று கொஞ்ச நேரம் தடுமாறினான். அப்புறம் மூன்றையும் அவிழ்த்து ஒரே கொத்தாகக் கட்டினான். 14.3, 14.2, 14.2.

இதற்குப் பிறகு செய்முறையைத் திருத்தினேன். திருத்தியது நல்லதா என்று இன்னும் சந்தேகம் உண்டு. அந்தத் தவறைச் செய்யவிட்டிருந்தால் கற்றது அதிகமாக இருக்கும். ஆனால் வீட்டில், பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதபோது, தவறான முடிவோடு தாள் மூடப்பட்டுவிடும். அதனால் செய்முறையில் சரியாகவும், கடைசிக் கேள்விகளில் ஒன்றாக அந்தப் பொறியையும் வைத்தேன்.

கடைசிக் கேள்விகள்

"இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற கேள்வியை எல்லாத் தாளிலும் பார்க்கலாம். அதற்கு வரும் பதிலும் எல்லாத் தாளிலும் ஒன்றேதான்: "ஊசலைப் பற்றிக் கற்றுக்கொண்டேன்." அதை எடுத்துவிட்டேன். தன்னுடைய எண்களைத் திரும்பப் பார்க்காமல் பதில் எழுத முடியாத கேள்வியாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஐந்து எழுதினேன்.

முதல் கேள்வி: ஒரே ஊசலை மூன்று முறை அளந்தாய், மூன்றும் எவ்வளவு வேறுபட்டன? ஒரு நட்டுக்கும் மூன்று நட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியதா? மேலே சொன்ன எண்களை வைத்தே பார்க்கலாம். ஒரு நட்டு 14.1லிருந்து 14.4 வரை, அதாவது கைத்தடுமாற்றம் 0.3 வினாடி. கொத்தாகக் கட்டிய மூன்று நட்டின் சராசரி 14.23, ஒரு நட்டின் சராசரியும் 14.23. தடுமாற்றத்துக்குள் அடங்கிவிட்டது, எனவே எடை மாற்றியதாகச் சொல்ல முடியாது. 25 செ.மீ.க்கு வந்தது 10.1, 10.0, 10.2. நாலு வினாடி வித்தியாசம் எந்தத் தடுமாற்றத்துக்கும் அடங்காது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் மூன்று முறை அளக்கச் சொன்னதே. மூன்று முறை அளக்கச் சொல்லிவிட்டுச் சராசரி மட்டும் கேட்கும் தாள்களில் பிள்ளை ஏன் மூன்று முறை செய்தது என்று அதற்கே தெரியாது.

இரண்டாவது: பத்து அலைவுக்குப் பதில் ஓர் அலைவை மட்டும் அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? செய்து பார். 1.2 வரும், 1.7 வரும். கை தாமதிக்கும் நேரம் அதேதான், பங்கு போட அலைவுகள் இல்லை.

மூன்றாவது, அந்தச் சரம்: "ஒருவர் மூன்று நட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கட்டினார். நேரம் கூடியது. எடையால்தான் கூடியது என்று சொல்லலாமா?"

நாலாவது: உன் கருதுகோளில் "ஏனென்றால்" என்று எழுதியதைத் திரும்பப் படி. அது எங்கிருந்து வந்தது? இதற்குத்தான் நல்ல பதில்கள் வருகின்றன. "கனமான பொருள் சீக்கிரம் கீழே விழும் என்று நினைத்தேன்" என்று ஒருத்தி. "கனமான ஆள் ஊஞ்சலில் ஏறினால் தள்ளக் கஷ்டமாக இருக்கும், அதனால் மெதுவாகும் என்று நினைத்தேன்" என்று இன்னொருவன். தள்ளுவது கடினம் என்பதும் மெதுவாக ஆடும் என்பதும் வேறு வேறு என்று அவனே அடுத்த வரியில் எழுதியிருந்தான்.

ஐந்தாவது: நேரம் 10 வினாடியிலிருந்து 20 வினாடியாக வேண்டும் என்றால் நூல் எவ்வளவு நீளம்? முதலில் ஊகி, பிறகு கட்டிப் பார். எல்லோரும் 50 செ.மீ. என்பார்கள், இரு மடங்கு நேரத்துக்கு இரு மடங்கு நூல். ஆனால் 50 செ.மீ. தாளில் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்கு 14.2தானே? தன் அட்டவணையைப் பார்த்தால் ஊகம் அங்கேயே உடையும். 75? 100? 100 செ.மீ. கட்டினால் 20 வினாடி வரும். நாலு மடங்கு நூலுக்கு இரு மடங்கு நேரம். வர்க்கமூலம் என்ற சொல்லைத் தாளில் சேர்க்கவில்லை, எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே கேட்டால் சொல்லலாம். நாற்காலி உயரம் போதாது என்பதால் இதற்கு மட்டும் பெரியவர் ஒருவர் கட்டையை ஒரு மீட்டருக்கு மேல் உயரமான இரண்டு இடங்களுக்கு நடுவே வைத்து நூலைக் கட்டித் தர வேண்டும், அவ்வளவு உயரம் கிடைக்காவிட்டால் 80 செ.மீ. போதும், 18 வினாடியை ஒட்டி வரும்.

யாருக்கு எது

ஒரே மாலை, பெரியவர் துணை குறைவு, முதல் முறையாகத் தாளை நிரப்பும் பிள்ளை என்றால் ஊசல். ஒரு வாரம் விடுமுறை, எட்டாம் வகுப்பு, தினமும் துணியைத் தொட்டுப் பார்க்கும் சுபாவம் என்றால் பச்சைப்பயறு, அதில் கிடைக்கும் திகைப்பு ஊசலைவிடப் பெரியது. கைப்பேசியே பிள்ளை கையில் வேண்டாம் என்று இருக்கும் வீட்டுக்கும் பயறுதான், வினாடி முள் உள்ள சுவர்க் கடிகாரத்தில் ஊசலை அளக்க முடியும் என்றாலும் அரை வினாடி தடுமாறும். மஞ்சள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் நாளுக்கு.

தாள் போன வாரம் ஆறு வீட்டுக்குப் போயிற்று. ஐந்து திரும்பி வந்தன. ஒன்றில், ஐந்தாவது கேள்விக்குக் கீழே, நான் கேட்காத ஒன்றை ஆறாம் வகுப்புப் பெண் பென்சிலால் எழுதியிருந்தாள்: "பாட்டி வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினால் பத்துக்கு 27 வினாடி. நின்றுகொண்டு ஆடினால் 24. கயிறு மாறலையே?"

அடுத்த சனிக்கிழமைக்கு நட்டுச் சரத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.